கடைக் கணக்குக் கணினியில் இடம் நிரம்பிவிட்டால்: எதை எடுத்து வைப்பது, எதை அழிப்பது

ஈரோட்டுப் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணினி பராமரிக்கும் வேலையில், ஆண்டுக்குப் பலமுறை ஒரே அழைப்பு எனக்கு வருகிறது: "கம்ப்யூட்டர் ஃபுல் ஆகிடுச்சு, பழைய டேலியை எல்லாம் அழிச்சிடலாமா?" அழைப்பவர் எல்லோரும் முதலில் கைவைக்க நினைப்பது கணக்கில்தான். ஆனால் ஒரு நடுத்தர ஹார்டுவேர் கடையின் ஐந்தாறு ஆண்டுக் கணக்கு முழுவதும் சேர்ந்தாலும் பெரும்பாலும் இரண்டு ஜிபியைத் தாண்டுவதில்லை. வட்டை நிரப்பியது வேறு ஏதோ ஒன்று. அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்கும் வழியையும், கணக்கோடு தொடர்புள்ளவற்றில் எதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10 அல்லது 11, டேலிபிரைம் என்ற அமைப்பை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு கணக்கு மென்பொருளாக இருந்தால் கோப்புறைப் பெயர்கள் மட்டும் மாறும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை

எதையும் அழிப்பதற்கு முன்னால், இன்று ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் முழு நகல் ஒன்று அந்தக் கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். நகல் எடுக்கும் நேரத்தில் டேலி திறந்திருக்கக் கூடாது. பில் போடும் இன்னொரு கணினி அதே தரவை நெட்வொர்க்கில் பயன்படுத்தினால் அங்கேயும் மூடச் சொல்லுங்கள். தரவு எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். டேலிக்குள் `F1 > Settings > Data Configuration` என்ற திரையில் பாதை அப்படியே எழுதியிருக்கும். அந்தக் கோப்புறைக்குள் எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு கம்பெனி.

பின்னர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, `Command Prompt` என்ற கட்டளைத் திரையில் இப்படி எழுதலாம். பாதையையும் டிரைவ் எழுத்தையும் உங்கள் கணினிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```
robocopy "C:\Users\Public\TallyPrime\data" "E:\Tally_Nakal" /E /R:1 /W:1 /LOG:E:\nakal.txt
```

முடிந்ததும் `nakal.txt` கோப்பைத் திறந்து, கடைசியில் உள்ள பட்டியலில் `FAILED` என்ற பத்தியின் கீழ் எல்லா வரியிலும் 0 இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓர் எண் கூடுதலாக இருந்தாலும் நகல் முழுமையாகவில்லை என்று பொருள். இதே கட்டளையில் `/MIR` என்று சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் பல இடங்களில் கிடைக்கும். அது மூலத்தில் இல்லாததையெல்லாம் நகலில் இருந்தும் அழித்துவிடும் என்பதால் இந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

## அறிகுறி 1: சி டிரைவ் சிவப்பாகக் காட்டுகிறது, டேலி மட்டும் வழக்கம்போல ஓடுகிறது

இது மிக எளிய நிலை. அவசரப்படாமல் செய்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அவசரம்தான் இங்கே ஆபத்து.

முதலில் `Settings > System > Storage` திரையைத் திறந்து எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அது மேலோட்டமான கணக்கைத்தான் தரும். கோப்புறைவாரியாகத் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் `WizTree` அல்லது `WinDirStat` என்ற மென்பொருளில் ஒன்றை ஓட்டினால், மிகப் பெரிய கோப்புறை மேலே வரும்படி வரிசையாகக் காட்டிவிடும்.

கடந்த கார்த்திகையில் பார்த்த ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடையின் கணினியைச் சொல்கிறேன். சி டிரைவ் 100 ஜிபி. காலி இடம் 1.2 ஜிபி. உரிமையாளர் 2020-க்கு முந்தைய கணக்கை அழிக்கலாமா என்று கேட்டே அழைத்திருந்தார். பட்டியல் எடுத்தபோது, விண்டோஸ் 27 ஜிபி, `Windows.old` 17, `hiberfil.sys` 3.2, `pagefile.sys` 4.6, மென்பொருள்கள் 6, பயனர் கோப்புறை 39.4 என்று வந்தது. ஓடிக்கொண்டிருந்த டேலி தரவு 1.6 ஜிபி. அதில் பாதியை அழித்திருந்தாலும் ஒரு ஜிபிகூடக் கிடைத்திருக்காது. சிவப்புக் கோடும் மாறியிருக்காது.

### முதல் காரணம்: விண்டோஸ் விட்டுவைத்த பழைய பதிப்பு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், அதை ஒட்டிப் பல கடைகளில் 11-க்கு மாற்றினார்கள். அப்படி மாறும்போது பழைய பதிப்பு `Windows.old` என்ற பெயரில் அங்கேயே நிற்கும். திரும்பிப் போக வேண்டுமானால் அதற்குப் பத்து நாள்தான் அவகாசம். எனவே பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன் ஆகிய மூன்றும் புதிய பதிப்பில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, `Settings > System > Storage > Temporary files` திரையில் `Previous Windows installation(s)` என்பதை மட்டும் குறியிட்டு நீக்கலாம்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. கணினி கெட்டுப்போய் யாராவது வட்டை ஃபார்மட் செய்யாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால், உங்கள் பழைய டெஸ்க்டாப்பும் பழைய டேலி தரவும் அந்த `Windows.old` கோப்புறைக்குள்தான் இருக்கும். அழிக்கும் முன் அதற்குள் `Users` என்ற கோப்புறையைத் திறந்து, அதிலும் `Public` என்பதற்குள், ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மேற்படி கடையில் நடந்தது சாதாரணப் பதிப்பு மாற்றம்தான் என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை. 17 ஜிபி உடனே கிடைத்தது.

### இரண்டாம் காரணம்: உறக்கக் கோப்பு

`hiberfil.sys` என்பது கணினியை உறங்க வைத்து எழுப்புவதற்காக விண்டோஸ் ஒதுக்கிக்கொள்ளும் இடம். மேசைக் கணினியை இரவில் அணைத்துவிடுகிற கடைக்கு அது தேவையில்லை. கட்டளைத் திரையை நிர்வாகியாகத் திறந்து இதை ஓட்டினால் கோப்பு நீங்கிவிடும்.

```
powercfg /h off
```

காலையில் கணினி எழச் சில நொடிகள் கூடுதலாகும். வேறு இழப்பு இல்லை. மடிக்கணினியாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். `pagefile.sys` மீது கைவைக்காதீர்கள். `C:\Windows\Installer`, `C:\Windows\WinSxS` ஆகியவையும் பெரிதாகத் தெரியும், ஆனால் அவற்றைக் கையால் அழித்தால் மென்பொருளைப் புதுப்பிக்கவும் நீக்கவும் முடியாமல் போகும்.

### மூன்றாம் காரணம்: டவுன்லோட்ஸ் கோப்புறை

இது பார்வைக்குக் குப்பை. உண்மையில் கடையின் பாதி ஆவணங்கள் இங்கேதான் கிடக்கின்றன. ஜிஎஸ்டி தளத்தில் இருந்து இறக்கிய 2பி அறிக்கை, இ-வே பில், வங்கிக் கணக்கு விவரம், சப்ளையர் மின்னஞ்சலில் அனுப்பிய கொள்முதல் பில் எல்லாம், அவற்றுக்கு நடுவே பிரிண்டர் டிரைவரும் திருமணப் பத்திரிகையும் கலந்து, ஒரே இடத்தில் இருக்கும். நான் மேலே சொன்ன அதே `Temporary files` திரையில் `Downloads` என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் குறியிட்டு நீக்கிவிடும் அவசரக்காரர்கள் இழப்பது இதைத்தான். அந்தக் கட்டத்தை எப்போதும் காலியாகவே விட்டுவிடுங்கள்.

பிரிப்பதற்கு நான் பின்பற்றும் முறை எளியது. கோப்புறையை வகைவாரியாக அடுக்கச் சொன்னால் `.exe`, `.msi`, `.zip` தனித்தனியே சேர்ந்துவிடும். முதல் இரண்டும் நிறுவும் கோப்புகள். அவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள முடியும் என்பதால் அழிக்கலாம். ஜிப் கோப்புகளைத் திறந்து பார்க்காமல் அழிக்கக் கூடாது, ஏனென்றால் ஜிஎஸ்டி தளமும் டிடிஎஸ் சார்ந்த தளங்களும் அறிக்கைகளைச் சில வேளை ஜிப்பாகத்தான் தருகின்றன. மிஞ்சும் பிடிஎஃப், எக்செல், `.json` ஆகிய மூன்றையும் ஆண்டுவாரியாகக் கோப்புறை போட்டு நகர்த்திவிட வேண்டும். அந்தக் கடையில் 6.4 ஜிபியில் வைத்திருக்க வேண்டியது 1.1 ஜிபி மட்டுமே.

"வேண்டுமானால் தளத்தில் இருந்து மறுபடி இறக்கிக்கொள்வோம்" என்பது பலரும் சொல்லும் பதில். ஜிஎஸ்டி தளம் தாக்கல் செய்த விவரங்களை ஏழு ஆண்டுகள் வரைதான் காட்டும் என்று 2024-இல் அறிவித்திருக்கிறது. வங்கிகளும் இணையத்தில் பழைய ஆண்டுகளை ஓர் எல்லைக்குப் பிறகு தருவதில்லை. தளத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் உங்களிடம் உள்ளதை அழிக்காதீர்கள்.

### நான்காம் காரணம்: வாட்ஸ்அப்

கணினியில் வாட்ஸ்அப் வைத்திருக்கும் கடைகளில், குழுக்களில் வரும் வீடியோக்கள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். இந்தக் கடையில் 12 ஜிபி. அதில் 9 ஜிபி வீடியோ. வீடியோவை அழிப்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் சப்ளையர்கள் பில்லை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள் என்பதால், அவர்களுடைய உரையாடல்களை மட்டும் திறந்து பிடிஎஃப் கோப்புகளை மேலே சொன்ன ஆண்டுக் கோப்புறைக்குள் சேமித்துவிட்டு அழிப்பது நல்லது. இனி தானாக இறங்காதபடி, செயலியின் அமைப்பில் வீடியோவுக்கான தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி 2: டெஸ்க்டாப்பில் ஏழெட்டு பேக்கப், எது சரியானது என்று யாருக்கும் தெரியவில்லை

இதுதான் நிதானம் தேவைப்படும் இடம். அந்தக் கடையின் டெஸ்க்டாப்பில் "டேலி பேக்கப்", "டேலி பேக்கப் நியூ", "ஆடிட்டருக்கு", "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று ஒன்பது கோப்புறைகள், மொத்தம் 14 ஜிபி. எல்லாம் ஒன்றின் நகல் ஒன்று என்றுதான் உரிமையாளரும் கணக்கெழுதும் பெண்ணும் நம்பினார்கள். ஒன்பதில் எட்டுக்கு அது உண்மை.

தேதியைப் பார்த்து, கடைசியாக உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது தவறான முறை. ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் எந்தெந்தக் கம்பெனி எண்கள் இருக்கின்றன என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண்களை, இன்று ஓடும் தரவில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். ஓடும் தரவில் இல்லாத எண் ஏதேனும் ஒரு நகலில் இருந்தால் அந்த நகலைத் தனியே ஒதுக்கி வையுங்கள். எண் ஒன்றாக இருப்பதாலேயே கம்பெனி ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வேறு கணினியில் உருவாக்கிய கம்பெனிக்கும் அதே எண் வந்திருக்கலாம். அதனால் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

திறக்கும் முறை இது. நகலை அப்படியே திறக்காமல், அதை இன்னொரு முறை நகலெடுத்து அந்த இரண்டாம் நகலைத் திறக்க வேண்டும். பழைய பதிப்பில் எழுதப்பட்ட தரவைப் புதிய பதிப்பு திறக்கும்போது மாற்றியமைக்கக் கேட்கும், மாற்றிய பிறகு பழைய பதிப்பில் திறக்க முடியாது. டேலியின் `Select Company` திரையில் அந்தப் பாதையைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்பெனிகளின் பெயர்கள் வரும். டேலியே எடுத்த பேக்கப் என்றால் எண் கோப்புறை இருக்காது, ஒற்றைக் கோப்பாக இருக்கும். அதை `Alt+Y > Restore` வழியாக, காலியான ஒரு புதிய கோப்புறைக்குள் மீட்க வேண்டும். மீட்கும் இடமாக ஓடும் தரவின் பாதையைக் கொடுத்துவிட்டால், இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு எழுதப்பட்டுவிடும். நான் பார்த்த மோசமான இழப்புகளில் இரண்டு இப்படி நேர்ந்தவை.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரிந்தால், அந்தக் கம்பெனி டேலிவால்ட் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சொல் தெரியாமல் யாராலும் திறக்க முடியாது. சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போவதற்கு முன்பே கேட்டு எழுதி, வட்டோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

திறந்த பிறகு, அந்த ஆண்டின் மார்ச் 31 தேதிக்கு `Balance Sheet` எடுத்து, ஆடிட்டர் கையொப்பமிட்ட தாளோடு மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அதுதான் அந்த ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டிய நகல். ஒத்துப்போகாத நகல், ஆடிட்டர் திருத்தங்களைப் பதிவதற்கு முன் எடுத்ததாக இருக்கும். தேதி பிந்தியதாக இருந்தும் தொகை பொருந்தாமல், அதைவிட முந்திய தேதியுள்ள நகல் பொருந்துவது அரிதல்ல.

அந்தக் கடையில் "ஆடிட்டருக்கு" என்ற கோப்புறையில் மட்டும் கூடுதலாக ஒரு கம்பெனி இருந்தது. கடை 2020 மார்ச் வரை தந்தையின் பெயரில் தனி உரிமையாக இருந்து, அடுத்த மாதம் முதல் கூட்டு நிறுவனமாக மாறியிருந்தது. பில் போடும்போது தவறிப் பழைய கம்பெனியைத் திறந்துவிடுகிறார்கள் என்று யாரோ அதை ஓடும் தரவில் இருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். பழைய ஜிஎஸ்டி எண்ணில் செய்த மூன்று நிதியாண்டு வியாபாரத்துக்கும் உலகத்தில் இருந்த ஒரே கணக்கு, டெஸ்க்டாப்பில் கிடந்த அந்த ஒரு கோப்புறைதான்.

### எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்

ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஒரு நிதியாண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. நிதியாண்டு முடிந்த நாளில் இருந்து ஆறு ஆண்டு என்று எண்ணுவது பரவலான பிழை. மேற்கண்ட கடையின் 2019-20 கணக்கை எடுத்துக்கொண்டால், அந்த ஆண்டுக்கான கடைசி நாள் 2021 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆகவே அந்தக் கணக்கு 2027 மார்ச் 31 வரை இருக்க வேண்டும். ஈரோட்டுப் பக்கம் நீட்டிப்பு இல்லாத 2022-23 ஆண்டுக்குக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31. அது 2029 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஓராண்டு ஆகும் நாளும் இந்த 72 மாத நாளும் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி எட்டு நிதியாண்டுகள்.

வருமான வரிக்கும் தனிக் காலக்கெடுக்கள் உண்டு. இவற்றையெல்லாம் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்காமல், முடிந்த பத்து ஆண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. பத்தாண்டுக் கணக்குப் பிடிக்கும் இடம் ஒரு திரைப்படம் பிடிக்கும் இடத்தை விடப் பெரிதாக இருக்காது. அதற்கும் பழையதை அழிக்க விரும்பினால், நிலுவையில் நோட்டீஸ் எதுவும் இல்லை என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு அழியுங்கள்.

### எடுத்து வைக்கும் முறை

ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் ஒத்துப்பார்த்த டேலி நகல், தாக்கல் செய்த அறிக்கைகளும் அவற்றின் ஒப்புகைகளும், கொள்முதல் பில்கள், வங்கி விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றோடு `Day Book`, `Trial Balance`, எல்லா லெட்ஜர்கள் ஆகியவற்றைப் பிடிஎஃப்பாக எடுத்து வைப்பதை நான் வலியுறுத்துவேன், ஏனென்றால் கடை நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பிடிஎஃப்பைத் திறக்க உரிமம் தேவையில்லை.

இதை இரண்டு வட்டுகளில் எழுதி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பென் டிரைவில் ஆண்டுக்கணக்காக வைப்பதை நம்ப வேண்டாம். எழுதி முடித்ததும் வட்டைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே இருக்கும் வட்டு, கணினிக்கு வைரஸ் வந்தால் அதோடு சேர்ந்தே பூட்டப்படும். இரண்டிலும் இருந்து ஒரு கம்பெனியைத் திறந்து பார்த்த பிறகுதான் டெஸ்க்டாப்பில் உள்ள ஒன்பதையும் அழிக்க வேண்டும். அப்படிச் செய்து முடித்தபோது அந்தக் கடையின் சி டிரைவில் காலி இடம் சுமார் 50 ஜிபியாக இருந்தது, ஒரு வவுச்சர்கூடப் போகவில்லை.

இடத்துக்காக டேலியில் `Split` செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தாலும் மூலக் கம்பெனி அப்படியே இருக்கும், அதோடு புதியவையும் உருவாகும். எனவே பிரிப்பதால் இடம் குறைவதில்லை, கூடுகிறது. கம்பெனி திறக்கவே தாமதமாகிற அளவுக்குத் தரவு பெருத்திருந்தால் மட்டும், அதுவும் ஆடிட்டரைக் கேட்டு, அதைச் செய்யலாம்.

## அறிகுறி 3: வவுச்சர் சேமிக்கும்போது பிழை வருகிறது, அல்லது பேக்கப் பாதியில் நிற்கிறது

உடனே பதிவை நிறுத்துங்கள். வட்டில் இடமே இல்லாத நிலையில் எழுத முயன்றால் தரவுக் கோப்பு பாதி எழுதப்பட்டு நிற்கக்கூடும். அன்றைய பில்களைக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

முதல் சோதனை, காலி இடம் எவ்வளவு என்பது. சில நூறு எம்பி மட்டுமே இருந்தால் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். பிறகு `%temp%` கோப்புறையில் உள்ளவற்றை அழியுங்கள். இவ்விரண்டிலேயே டேலி எழுதும் அளவு இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அடுத்து, பேக்கப் எடுக்கும் இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சி டிரைவில் இடம் இருந்தும் பேக்கப் நிற்கிறது என்றால் நிரம்பியது செருகிய பென் டிரைவாக இருக்கலாம்.

இடம் கிடைத்த பிறகும் கம்பெனி திறக்கவில்லை, அல்லது திறந்து கடைசி நாள் பதிவுகள் காணவில்லை என்றால் தரவு பழுதாகியிருக்கிறது. அதற்கான `Repair` வசதி `Alt+Y` பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதை ஓட்டும் முன், பழுதான கோப்புறையை அப்படியே வெளியே நகலெடுங்கள். பழுது நீக்கும்போது சரிசெய்ய முடியாத வவுச்சர்களை அது விட்டுவிடக்கூடும், அப்போது திரும்பிப் போக இந்த நகல்தான் இருக்கும். நீக்கிய பின் அன்றைய `Day Book` பக்கத்தைக் கை பில்களோடு ஒத்துப்பாருங்கள். ஒரு முறை ஓட்டியும் சரியாகவில்லை என்றால் மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டாம்; டேலி சேவை தருபவரை அழைத்து, தொடாத நகலை அவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 4: சுத்தம் செய்து இரண்டு வாரத்தில் மறுபடி நிரம்பிவிட்டது

யாரோ ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்பதைத்தான் இது காட்டுகிறது. இன்று கோப்புறைப் பட்டியலை எடுத்து வைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் வளர்ந்தது எது என்று தெரிந்துவிடும்.

நான் அடிக்கடி கண்டது சிசிடிவி மென்பொருள். கேமராவைக் கணினியில் பார்ப்பதற்காக அதை நிறுவியவர், பதிவையும் இங்கேயே சேமிக்கும்படி விட்டுப் போயிருப்பார். பதிவுக் கருவியிலேயே ஹார்டு டிஸ்க் இருக்கும்போது கணினியில் இன்னொரு பதிவு தேவையில்லை. அமைப்பில் அதை நிறுத்தினால் போதும். அடுத்தது, நாள்தோறும் தேதியிட்டுப் புதிய நகல் எடுக்கும் பேக்கப் நிரல்; 1.6 ஜிபி தரவுக்கு அது மாதத்தில் 48 ஜிபி சேர்த்துவிடும். கடைசி ஏழு நாளும் ஒவ்வொரு மாதக் கடைசி நாளும் மட்டும் இருக்கும்படி அதை மாற்றுங்கள். வீட்டார் கைபேசிப் படங்களைக் கடைக் கணினியில் இறக்கி வைப்பதும் உண்டு, அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லாமல், பெயர் தெரியாத கோப்புறை ஒன்று வளர்ந்துகொண்டே இருந்தால் வைரஸ் சோதனை செய்து, தொழில்நுட்பரை அழையுங்கள்.

## அறிகுறி 5: காலி இடம் இருக்கிறது, ஆனாலும் நகலெடுக்கும்போது கணினி உறைகிறது

சுத்தம் செய்வதை இங்கே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் இது இடப் பிரச்சினையாக இல்லாமல் வட்டே போய்க்கொண்டிருப்பதாக இருக்கலாம். முதலில் வட்டின் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சில கணினிகளில் அதோடு சரியாகிவிடும். பின்னர் `Event Viewer` திறந்து `Windows Logs > System` பகுதியில், மூலம் `disk` என்றும் எண் `7` என்றும் வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அது வட்டில் பழுதான பகுதி இருப்பதைச் சொல்லும் எண். `CrystalDiskInfo` என்ற இலவச மென்பொருள் `Caution` அல்லது `Bad` என்று காட்டினாலும் அதே பொருள்தான்.

அப்படியானால் டேலி தரவை மட்டும் முதலில் வெளியே எடுங்கள். முழு வட்டையும் ஒரேயடியாக நகலெடுக்க முயன்றால், தேவையற்ற வீடியோக்களை எழுதிக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிடலாம். ஹார்டு டிஸ்க்கில் டக் டக் என்று ஒலி கேட்டால் எதையும் முயலாமல் மின்சாரத்தை அணைத்து, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

புதிய வட்டு போடுவது உறுதி என்றால், பழைய வட்டு இன்னும் எழுந்து நிற்கும்போதே டேலியின் `F1 > Settings > License` பகுதியில் உரிமத்தை `Surrender` செய்துவிடுங்கள். ஃபார்மட் செய்தபின் அதை நினைவுகூர்ந்தால், உரிமத்தைத் திரும்பப் பெறும் வேலை தனியாக வந்து சேரும்.

## அறிகுறி 6: அழித்த பிறகுதான் தேவையானது என்று தெரிந்தது

குப்பைத் தொட்டியில் இருந்தால் வலப்பக்கச் சொடுக்கில் `Restore`. அங்கே இல்லையென்றால் ஆடிட்டர் அலுவலகத்தைக் கேளுங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அவர்களுக்குக் கொடுத்த நகல் பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும். நான் மீட்டுக் கொடுத்த கணக்குகளில் பாதி அங்கிருந்து வந்தவைதான்.

அங்கும் இல்லையென்றால், கணினியை உடனே அணைத்துவிடுங்கள். மீட்கும் மென்பொருளை அதே கணினியில் இறக்கி நிறுவினால், மீட்க வேண்டிய இடத்தின் மேலேயே அது எழுதிவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மீட்பவரிடம் கொடுத்துக் கேட்கலாம். எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தை அதுவே பின்னணியில் துடைத்துவிடும் என்பதால் சில மணி நேரத்திலேயே வாய்ப்பு மிகக் குறைந்துவிடும். அதற்குப் பெருந்தொகை கேட்பவரிடம், எந்தக் கோப்பு கிடைக்கிறது என்று பட்டியல் காட்டிய பிறகே பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.